கைரோஸ்கோப், அக்சலரோமீட்டர், மேக்னெட்டோமீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன் வாங்கும் முன் "கைரோ இருக்கிறதா?" என்று கேட்பவர்களும், வாங்கிய பின் "திசை ஏன் தப்பாகக் காட்டுகிறது?" என்று கேட்பவர்களும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் வேறு வேறு சொற்களில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை எண்ணால் சுட்டும். ஆகவே முதல் ஆறு கேள்விகளை வரிசையாகப் படித்துவிட்டு மேலே செல்வது நல்லது.

1. மூன்று சென்சாரும் போன் அசைவதைத்தானே கண்டுபிடிக்கின்றன? ஒன்று போதாதா?

மூன்றும் அளப்பவை மூன்று வெவ்வேறு அளவுகள். அக்சலரோமீட்டர் போனின் மீது செயல்படும் உந்துதலை அளக்கிறது. கைரோஸ்கோப் போன் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை, அதாவது நொடிக்கு எத்தனை டிகிரி என்பதை அளக்கிறது. மேக்னெட்டோமீட்டர் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லாவில் அளக்கிறது.

இவற்றில் எதுவுமே "போன் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது" என்று நேரடியாகச் சொல்வதில்லை. கீழ்த்திசை எது என்பதை அக்சலரோமீட்டரிலிருந்தும், வடக்கு எது என்பதை மேக்னெட்டோமீட்டரிலிருந்தும், சற்று முன்பிருந்த நிலையிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறோம் என்பதைக் கைரோஸ்கோப்பிலிருந்தும் எடுத்துக்கொண்டு மென்பொருள் அதைக் கணக்கிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறை உண்டு என்பதும், ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுசெய்கிறது என்பதும்தான் இனி வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

2. மேஜையில் அசையாமல் இருக்கும் போனில் அக்சலரோமீட்டர் 9.8 காட்டுகிறது. பழுதாகிவிட்டதா?

இல்லை, அதுதான் சரியான அளவு. அந்தச் சிப்புக்குள் சிலிக்கானில் செதுக்கிய ஒரு நுண்ணிய எடை, சிலிக்கான் வில்களில் தொங்குகிறது. புவியீர்ப்பு அந்த எடையைக் கீழே இழுக்க, மேஜை போனைத் தாங்கி நிற்பதால் வில் சற்று வளைகிறது. எடைக்கும் அருகிலுள்ள தகடுகளுக்கும் இடையிலான மின்தேக்குத்திறன் மாறுவதைக் கொண்டு அந்த வளைவு அளக்கப்படுகிறது. போன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துகொண்டிருக்கும் அந்தக் கணத்தில்தான் அளவு பூஜ்யத்துக்கு அருகில் வரும்.

ஆட்டோ ரொட்டேட் இதை நம்பித்தான் வேலை செய்கிறது. போனை மேஜையில் படுக்கவைத்துத் திருப்பினால் திரை திரும்பாததற்கும் காரணம் இதுவே: புவியீர்ப்பு முழுவதும் திரைக்குச் செங்குத்தான அச்சில் விழுந்துவிடுவதால், நெடுக்குக்கும் குறுக்குக்கும் வேறுபாடு காண அக்சலரோமீட்டரிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. படுத்திருக்கும் போனை எத்தனை சுற்று சுற்றினாலும் கீழ்த்திசை மாறுவதில்லை அல்லவா? இந்தக் குருட்டுப்புள்ளி 6, 12 ஆம் கேள்விகளில் மீண்டும் வரும்.

3. கைரோஸ்கோப் என்றால் வேகமாகச் சுழலும் சக்கரம் என்று படித்தேன். போனுக்குள் எப்படி?

போனில் சக்கரம் இல்லை. இங்கேயும் ஒரு சிலிக்கான் எடைதான் இருக்கிறது. ஆனால் அது தொங்கிக்கொண்டிருக்காமல், நொடிக்குப் பல ஆயிரம் முறை முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதிரும் எடையைத் தாங்கிய சட்டத்தைத் திருப்பினால், கோரியாலிஸ் விசை அந்த எடையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தப் பக்கவாட்டு அசைவின் அளவே சுழலும் வேகத்தின் அளவு.

அசையாத போனில் கைரோ பூஜ்யம் காட்ட வேண்டும். நடைமுறையில் எப்போதும் மிகச் சிறிய ஒரு எண்ணைக் காட்டும். அந்தச் சிறிய எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைரோ பற்றிய புகார்களில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

4. திசைகாட்டிக்கு மேக்னெட்டோமீட்டர் மட்டும் போதுமே, மற்ற இரண்டும் எதற்கு?

காந்த ஊசியைப் படத்தில் பார்த்துப் பழகியதால், பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக வடக்கு நோக்கி ஓடுவதாக நினைத்துக்கொள்கிறோம். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் அது ஏறக்குறைய உண்மை. அங்கிருந்து விலக விலக, புலம் தரைக்குள் சரிந்து இறங்குகிறது. இதற்குக் காந்தச் சரிவு என்று பெயர். பூமியின் மேற்பரப்பில் புலத்தின் மொத்த வலிமை சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மொத்த வலிமை 48, சரிவு 60 டிகிரி உள்ள ஓர் இடத்தில், திசை காட்ட உதவும் கிடைமட்டப் பகுதி 24 மைக்ரோடெஸ்லா மட்டுமே. கீழ்நோக்கிய பகுதி ஏறக்குறைய 41.6. போனை வடக்கு நோக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் 10 டிகிரி சாய்த்தால், கீழ்நோக்கிய பகுதியில் சுமார் 7.2 மைக்ரோடெஸ்லா குறுக்கு அச்சில் கலந்துவிடுகிறது. சாய்வைக் கணக்கில் கொள்ளாத திசைகாட்டி அப்போது சுமார் 17 டிகிரி தப்பாகக் காட்டும். போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அக்சலரோமீட்டர் சொல்லிவிடுவதால் இந்தப் பிழையை நீக்க முடிகிறது.

கைரோ இல்லாமலும் திசைகாட்டி இயங்கும். 2009-இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ்-இல் மேக்னெட்டோமீட்டர் இருந்தது. கைரோ அடுத்த ஆண்டு ஐபோன் 4-இல்தான் வந்தது. ஆனால் கைரோ இல்லாத போனில், கை நடுங்கும் ஒவ்வொரு முறையும் அக்சலரோமீட்டர் சாய்வைத் தப்பாகச் சொல்ல, முள்ளும் சேர்ந்து நடுங்கும். நடுக்கத்தைக் குறைக்க மென்பொருள் சராசரி எடுத்தால், நாம் திரும்பி நின்ற பிறகு முள் மெதுவாக ஆடி அசைந்து வந்து சேரும். முள் நடுங்காமலும் பின்தங்காமலும் திரும்புவதுதான் கைரோ சேர்க்கும் வசதி.

5. அப்படியானால் கைரோ ஒன்றே போதுமே? எவ்வளவு திரும்பினோம் என்று அதுவே சொல்லிவிடும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவர், தான் திரும்பிய திருப்பங்களை மட்டும் எண்ணி எந்தத் திசையில் நிற்கிறோம் என்று சொல்ல முயல்வதைப் போன்றது அது. புறப்பட்ட திசை தெரியாவிட்டால் எண்ணிக்கையால் பயனில்லை. எண்ணிக்கையில் விழும் சிறு பிழைகளைத் திருத்தவும் வழியில்லை.

3 ஆம் பதிலில் சொன்ன சிறிய எண் நொடிக்கு 0.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கோணத்தைப் பெற இந்த வேகத்தை நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். போன் அசையாமல் இருந்தாலும், ஒரு நிமிடத்தில் அது 30 டிகிரி திரும்பிவிட்டதாகக் கணக்கு சொல்லும். இதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். போன் அசையாமல் இருக்கும் நேரம் பார்த்து மென்பொருள் இந்த எண்ணை மதிப்பிட்டுக் கழித்துவிடுகிறது. ஆனால் போன் சூடாகும்போது அந்த எண்ணே மாறிவிடும் என்பதால் கழித்தல் ஒருபோதும் முழுமையாவதில்லை.

6. மூன்றையும் "சேர்த்து" கணக்கிடுகிறது என்கிறார்கள். சேர்ப்பது என்றால் என்ன?

கைரோ குறுகிய நேரத்துக்கு நம்பகமானது, நீண்ட நேரத்தில் தடம் மாறும். அக்சலரோமீட்டர் குறுகிய நேரத்தில் நடுங்கும், நீண்ட நேரத்தின் சராசரியில் சரியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு கணமும் கைரோவை நம்பி முன்னேறி, அக்சலரோமீட்டர் சொல்வதை நோக்கிச் சற்றே இழுத்துக்கொள்வதுதான் சேர்ப்பு. போன்களில் இருப்பது இதைவிட நுணுக்கமான முறை என்றாலும், சாய்வுக் கோணத்துக்கான மிக எளிய வடிவம் ஒரே வரியில் அடங்கும்:

```
angle = 0.98 * (angle + gyro * dt) + 0.02 * accAngle
```

நொடிக்கு 100 முறை, அதாவது `dt = 0.01` என்று இதை ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு 0.5 டிகிரி பிழையுள்ள அதே கைரோ, நிமிடத்துக்கு 30 டிகிரி விலகுவதற்குப் பதிலாக, சுமார் கால் டிகிரி பிழையில் நின்றுவிடும். விலகலும் இழுப்பும் சமமாகும் இடம் அது. 0.02 என்ற எண்ணைப் பெரிதாக்கினால் பிழை இன்னும் குறையும், ஆனால் கை நடுக்கம் உள்ளே வந்துவிடும்.

புவியீர்ப்பைக் கொண்டு திருத்த முடிவது சாய்வை மட்டுமே. இடம் வலமாகத் திரும்பும் கோணத்தைத் திருத்த மேக்னெட்டோமீட்டர்தான் வேண்டும். ஆண்ட்ராய்டில் மூன்றையும் சேர்த்தது `TYPE_ROTATION_VECTOR` என்றும், மேக்னெட்டோமீட்டரை விட்டுவிட்டது `TYPE_GAME_ROTATION_VECTOR` என்றும், கைரோவை விட்டுவிட்டது `TYPE_GEOMAGNETIC_ROTATION_VECTOR` என்றும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. எந்தச் செயலி எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் குறை அமையும்.

7. போனை 8 வடிவத்தில் ஆட்டச் சொல்கிறது. அது சும்மா நம்மைச் சமாதானப்படுத்தவா?

உண்மையான வேலைதான். போனுக்குள்ளேயே ஸ்பீக்கரிலும் கேமராவிலும் காந்தங்கள் இருக்கின்றன. அவை போனோடு சேர்ந்தே திரும்புவதால், மேக்னெட்டோமீட்டரின் ஒவ்வோர் அச்சிலும் மாறாத ஓர் அளவைக் கூட்டிக்கொண்டே இருக்கின்றன. போனை எல்லாத் திசைகளிலும் திருப்பினால், பூமியின் புலம் மட்டும் இருக்கும் பட்சத்தில், அளவுகள் பூஜ்யத்தை மையமாகக் கொண்ட ஒரு கோளத்தின் மேல் விழ வேண்டும். உள்ளிருக்கும் காந்தம் அந்தக் கோளத்தின் மையத்தை நகர்த்திவிடும். நகர்ந்த மையத்தைக் கண்டுபிடித்துக் கழிக்க மென்பொருளுக்குப் பல திசைகளில் எடுத்த அளவுகள் தேவை. 8 வடிவம் அவற்றைத் தருகிறது. ஆகவே மணிக்கட்டைச் சுழற்றி, போனின் முகமும் விளிம்பும் எல்லாப் பக்கமும் திரும்பும்படி ஆட்ட வேண்டும். திரையை மேல்நோக்கியே வைத்துக்கொண்டு காற்றில் 8 எழுதினால் பெரிதாகப் பயன் இருக்காது.

இந்தப் பிழையை அடையாளம் காண ஒரு வழி உண்டு. 4 ஆம் பதிலில் வந்த 24 மைக்ரோடெஸ்லா இடத்திலேயே, போனின் குறுக்கு அச்சில் 12 மைக்ரோடெஸ்லா கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். வடக்கு நோக்கினால் சுமார் 27 டிகிரி பிழை வரும். தெற்கு நோக்கினால் அதே அளவு பிழை எதிர்ப்பக்கமாக வரும். கிழக்கிலும் மேற்கிலும் திசைகாட்டி சரியாகவே காட்டும். "சில பக்கம் சரியாக இருக்கிறது, சில பக்கம் தப்பு" என்று ஒருவர் சொன்னால் 8 போடச் சொல்லலாம்.

8. பத்து தடவை 8 போட்டும் தப்பாகத்தான் காட்டுகிறது. வேறென்ன செய்வது?

முதலில் காந்த மூடியுள்ள கவரையும், பின்னால் ஒட்டிய காந்த வளையத்தையும் கழற்றுங்கள். பிறகு சென்சார் அளவுகளைக் காட்டும் ஏதாவது ஒரு செயலியில் காந்தப்புலத்தின் மொத்த வலிமையைப் பாருங்கள். அது 25-க்கும் 65-க்கும் இடையில் இருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே போனை வெவ்வேறு பக்கமாகத் திருப்பும்போது அந்த எண் பெரிதாக மாறினால் குறை போனுக்குள் இருக்கிறது. போனை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு சில அடி நகரும்போது மாறினால், குறை வெளியே இருக்கும் இரும்பில் இருக்கிறது.

வெளியிலுள்ள இரும்பை எந்த அளவு திருத்தமும் நீக்காது. அது போனோடு சேர்ந்து திரும்புவதில்லை. கான்கிரீட்டுக்குள் ஓடும் கம்பி, இரும்பு மேஜை, லிஃப்ட், கார் எல்லாம் இந்த வகை. அங்கே செய்யக்கூடியது விலகி நிற்பது ஒன்றுதான். காருக்குள் உட்கார்ந்து 8 போடுவது இன்னும் மோசம்: காரின் புலத்தையும் சேர்த்துக் கழித்து வைத்துக்கொண்டு, வெளியே இறங்கிய பிறகும் சிறிது நேரம் போன் தப்பாகவே காட்டக்கூடும்.

9. திசைகாட்டி ஆடாமல் நிற்கிறது, ஆனால் வரைபடத்தின் வடக்கோடு சில டிகிரி ஒத்துவரவில்லையே?

காந்த வடக்கும் புவியியல் வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் காந்த ஒதுக்கம். அது இடத்துக்கு இடம் மாறும், காலப்போக்கிலும் மாறும். அதைக் கணக்கிட உதவும் உலகக் காந்த மாதிரி ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. இப்போது நடப்பில் இருப்பது WMM2025. போன் இந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டுமானால் அது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். ஆகவே திசைகாட்டிச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்து, உண்மையான வடக்கைக் காட்டும் அமைப்பை இயக்குங்கள்.

10. நடக்கும்போது மேப் அம்பு சரியாக இருக்கிறது. நின்றுவிட்டால் மட்டும் கிறுக்குத்தனமாகச் சுற்றுகிறது. ஏன்?

நகரும்போது திசையைச் சொல்வது ஜி.பி.எஸ். முந்தைய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் இடையே கோடு போட்டால் செல்லும் திசை கிடைத்துவிடுகிறது, காந்தம் தேவையில்லை. நின்றவுடன் அந்தக் கோடு இல்லாமல் போகிறது, மேக்னெட்டோமீட்டரை நம்ப வேண்டியதாகிறது, 7, 8 ஆம் பதில்களில் சொன்ன எல்லாக் குறைகளும் வெளியே வருகின்றன. அம்பைச் சுற்றித் தெரியும் விசிறி வடிவம் அகலமாக இருந்தால், போனே தன் திசையை அவ்வளவாக நம்பவில்லை என்று பொருள். அவசரத்துக்கு எளிய வழி, திறந்த வெளியில் ஒரே நேர்கோட்டில் சிறிது தூரம் நடப்பதுதான்.

11. சுரங்கப்பாதையில் ஜி.பி.எஸ். போய்விட்டால், அக்சலரோமீட்டரை வைத்தே இடத்தைக் கணக்கிடலாமே?

முடுக்கத்தை ஒரு முறை கூட்டினால் வேகம், இன்னொரு முறை கூட்டினால் தூரம் என்பது பாடத்தில் சரி. போனில் என்ன ஆகும் என்று பாருங்கள். போனின் சாய்வை 0.3 டிகிரி தப்பாக மதிப்பிட்டால் போதும். புவியீர்ப்பில் சுமார் 0.05 மீட்டர்/நொடி² கிடைமட்ட முடுக்கமாகத் தவறிச் சேர்ந்துவிடும். 10 நொடியில் அது 2.5 மீட்டர் பிழை. பிழை நேரத்தின் இருமடியோடு வளர்வதால் 60 நொடியில் 90 மீட்டர். 6 ஆம் பதிலில் கால் டிகிரியைச் சாதனையாகப் பார்த்தோம். இங்கே அதுவே போதாமல் போகிறது.

ஆகவே கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் பாதையின் வடிவத்தையும் நம்பித்தான் செயலிகள் சுரங்கத்தைக் கடக்கின்றன. திரும்பினோமா என்பதை மட்டும் கைரோ சொல்ல முடியும். காரோடு வரும் வழிகாட்டி இதில் போனைவிட நன்றாகச் செயல்படக் காரணம், சக்கரம் எவ்வளவு சுழன்றது என்ற கணக்கும் அதற்குக் கிடைப்பதுதான். நடப்பவருக்குப் போன் அடிகளை எண்ணிக்கொள்கிறது. அங்கே அக்சலரோமீட்டர் வெறும் அதிர்வு எண்ணும் கருவி. தூரத்துக்காக முடுக்கத்தைக் கூட்டுவதில்லை.

12. என் போனில் கைரோ கிடையாது. கார் ரேஸ் நன்றாகவே ஓடுகிறது. கேமுக்குக் கைரோ வேண்டும் என்பது வியாபாரப் பேச்சா?

கார் ரேஸில் போனை ஸ்டியரிங் போல நிமிர்த்திப் பிடிக்கிறோம். சாய்க்கும்போது புவியீர்ப்பு ஓர் அச்சிலிருந்து இன்னோர் அச்சுக்கு மாறுவதால் அக்சலரோமீட்டரே போதும். நடுக்கத்தை வடிகட்டும்போது வரும் சிறு தாமதத்தை ரேஸ் ஆடுபவர் பெரிதாக உணர்வதில்லை.

குறிபார்க்கும் கேமில் நிலைமை வேறு. இடம் வலமாகத் திரும்புவது புவியீர்ப்பின் அச்சைச் சுற்றிய சுழற்சி. 2 ஆம் பதிலில் சொன்ன குருட்டுப்புள்ளி அதுவே. அதோடு, குறியைச் சட்டென நகர்த்தி நிறுத்தும்போது கையின் வீச்சும் புவியீர்ப்பும் அக்சலரோமீட்டரில் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். விளையாட்டுக் கருவிகளிலும் இதே வரலாறுதான்: 2006-இல் வந்த வீ ரிமோட்டில் அக்சலரோமீட்டர் இருந்தது; மணிக்கட்டின் திருப்பத்தைச் சரியாகப் பிடிக்க 2009-இல் கைரோ உள்ள மோஷன்பிளஸ் துணைக்கருவியைத் தனியாக விற்க வேண்டியதாயிற்று. தலையைத் திருப்பிப் பார்க்கும் மெய்நிகர் காட்சிகளுக்கும் இதே காரணத்தால் கைரோ கட்டாயம்.

13. கைரோ போட்டு ஆடும்போது குறி மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது. சென்சார் போய்விட்டதா?

போனை மேஜையில் வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். அங்கேயும் நகர்ந்தால் 5 ஆம் பதிலில் சொன்ன டிரிஃப்ட். நின்றுவிட்டால் உங்கள் கைதான் நகர்கிறது. டிரிஃப்ட் என்றால் போனைச் சில நொடிகள் அசைக்காமல் விடுங்கள். மென்பொருள் புதிய மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளும். ஆடத் தொடங்கியபோது நன்றாக இருந்து, போன் சூடான பிறகு நகரத் தொடங்குவது வழக்கமான நடத்தை. அதை வைத்துச் சென்சார் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

நகர்வு பெரும்பாலும் இடம் வலமாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சென்சார்களைச் சேர்த்துக் கணக்கிடும் கேமில் மேல் கீழை அக்சலரோமீட்டர் திருத்திக்கொண்டே இருக்கிறது. இடம் வலத்தைத் திருத்த வல்ல மேக்னெட்டோமீட்டரைக் கேம்கள் வேண்டுமென்றே ஒதுக்கிவிடுகின்றன. பக்கத்தில் ஓர் இரும்புப் பொருள் வந்தவுடன் குறி திடீரெனத் தாவுவதைவிட மெதுவாக நகர்வது மேல் என்ற முடிவு அது. என் பார்வையிலும் அது சரியான முடிவே.

14. கேமரா நடுக்கத்துக்கும் கைரோவுக்கும் என்ன தொடர்பு?

முதன்மைக் கேமரா ஏறக்குறைய 67 டிகிரி அகலத்தைச் சுமார் 4000 பிக்சலில் பதிக்கிறது என்று கொள்வோம். ஒரு டிகிரிக்கு 60 பிக்சல். மங்கிய ஒளியில் ஷட்டர் 1/10 நொடி திறந்திருக்கும்போது கை நொடிக்கு 1.5 டிகிரி வேகத்தில் திரும்பினால், படம் 0.15 டிகிரி, அதாவது 9 பிக்சல் இழுபட்டுவிடும். கண்ணுக்குத் தெரியும் மங்கல் இது. ஓ.ஐ.எஸ். உள்ள கேமராவில், கைரோ அந்தத் திருப்பத்தை உடனுக்குடன் அளந்து சொல்ல, ஒரு சிறிய கம்பிச்சுருளும் காந்தமும் லென்ஸை எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன. 6 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள லென்ஸுக்கு இந்தத் திருப்பத்தை ஈடுகட்ட வேண்டிய நகர்வு சுமார் 0.016 மில்லிமீட்டர் மட்டுமே.

திருத்த வேண்டியது 1/10 நொடிக்குள் நடந்த திருப்பத்தை மட்டும் என்பதால் கைரோவின் டிரிஃப்ட் இங்கே ஒரு பொருட்டல்ல. நொடிக்கு 0.5 டிகிரி பிழை அப்படியே இருந்தாலும் 3 பிக்சல்தான் கெடும். அதையும் பெரும்பாலும் கழித்துவிடுகிறார்கள். கைரோவின் குறை மிகக் குறைவாகப் பாதிக்கும் வேலை இதுதான்.

15. ஓ.ஐ.எஸ். இருந்தும் மிக நெருக்கத்தில் எடுக்கும் படம் மட்டும் மங்கலாக வருகிறதே?

கை திரும்புவது மட்டுமல்ல, பக்கவாட்டில் இடமும் பெயர்கிறது. 3 மீட்டர் தூரத்தில் உள்ள பொருளுக்கு 1 மில்லிமீட்டர் இடப்பெயர்ச்சி சுமார் ஒரு பிக்சல், பொருட்படுத்த வேண்டியதில்லை. 10 சென்டிமீட்டரில் அதே 1 மில்லிமீட்டர் 34 பிக்சல். கைரோவுக்கு இடப்பெயர்ச்சி தெரியவே தெரியாது, அது சுழற்சியை மட்டும் அறியும். நெருக்கத்தில் எடுக்கும்போது முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள், அல்லது வெளிச்சத்தைக் கூட்டி ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள். ஓடும் குழந்தை மங்கலாக வருவதற்கும் ஷட்டர் நேரத்தைக் குறைப்பதே தீர்வு. நகர்வது போன் அல்ல என்பதால் எந்தச் சென்சாரும் அங்கே உதவாது.

16. வீடியோவில் ஸ்டெபிலைசேஷன் போட்டால் காட்சி சுருங்குகிறது, இரவில் துடிப்பது போல வேறு தெரிகிறது. ஏன்?

இது இ.ஐ.எஸ். லென்ஸ் நகர்வதில்லை, ஒவ்வொரு பிரேமிலும் ஓரங்களை வெட்டிவிட்டு, கைரோ சொன்ன திருப்பத்துக்கு எதிராக மீதிப் படத்தை நகர்த்துகிறார்கள். வெட்டிய ஓரம்தான் நகர்த்துவதற்கான இடம். படம் பதியும் கேமரா சென்சாரில் மேல் வரியும் கீழ் வரியும் ஒரே கணத்தில் பதிவாவதில்லை என்பதால், வரிக்கு வரி எந்தக் கணத்தின் கைரோ அளவு என்று பொருத்தவும் வேண்டும். அந்த நேரப் பொருத்தம் பிசகினால் கட்டடங்கள் ஜெல்லி போல நெளியும்.

இரவுத் துடிப்புக்குக் காரணம் வேறு. ஒரு பிரேம் பதிவாகும்போதே இழுபட்ட படத்தை, பிறகு நகர்த்திக் கூர்மையாக்க முடியாது. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் ஒரு பிரேம் மங்கி அடுத்தது தெளிகிறது. ஆட்டம் நீங்கிய வீடியோவில் அந்த மங்கல் மட்டும் தனியாகத் தெரிவதால் துடிப்பாகப் படுகிறது. இரவில் இ.ஐ.எஸ். அளவைக் குறைத்து வைப்பது பார்க்க நன்றாக இருக்கும்.

17. பைக் ஹேண்டிலில் போனை மாட்டினால் கேமரா கெட்டுப்போகும் என்கிறார்கள். வதந்திதானே?

வதந்தி அல்ல. சக்திமிக்க மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஹேண்டில் வழியாக நீண்ட நேரம் போனை எட்டினால், ஓ.ஐ.எஸ். போன்ற அமைப்புகளின் செயல்திறன் குறையலாம் என்று ஆப்பிள் 2021-இல் எச்சரித்தது. 14 ஆம் பதிலில் சொன்ன மிதக்கும் லென்ஸ்தான் இதில் பாதிக்கப்படுவது. அதிர்வைத் தணிக்கும் தாங்கி இருந்தால் ஆபத்து குறையும். கேமராவைத் திறந்தவுடன் காட்சி தானாக நடுங்கினாலோ, உள்ளிருந்து கடகடவென ஒலி தொடர்ந்து வந்தாலோ ஓ.ஐ.எஸ். பழுதாகியிருக்கலாம்.

18. விவரப் பட்டியலில் கைரோ என்று போட்டிருக்கிறது, ஆனால் கேமில் வேலை செய்யவில்லை. உள்ளே உண்மையான கைரோ இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சில போன்களில் கைரோ சிப் இல்லாமல், மற்ற இரண்டு சென்சார்களிலிருந்து கணக்கிட்ட சுழற்சியையே கைரோ என்று மென்பொருள் காட்டும். சென்சார் செயலியில் அதன் பெயரில் `virtual` அல்லது `pseudo` போன்ற சொல் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

போனை மேஜையில் அசையாமல் வைத்து, கைரோவின் மூன்று எண்களையும் திரையில் கொண்டுவாருங்கள். ஒரு சிறிய காந்தத்தையோ இயர்போனையோ போனுக்கு அருகே, தொடாமல், மெதுவாகக் கொண்டுபோய் விலக்குங்கள். உண்மையான கைரோவுக்குக் காந்தம் ஒரு பொருட்டல்ல; எண்கள் 3 ஆம் பதிலில் சொன்ன சிறிய அளவிலேயே நிற்கும். போன் அசையாதபோதும் எண்கள் எகிறினால், அந்தச் "சுழற்சி" மேக்னெட்டோமீட்டரிலிருந்து வருகிறது. சோதனை முடிந்ததும் காந்தத்தைத் தூர வைத்துவிட்டு ஒரு முறை 8 போட்டுவிடுங்கள்.